இரட்டைப் பிளவில் பட்டை அகலம்: அலைநீளம், பிளவு இடைவெளி, திரைத் தூரம் மாறினால் என்ன ஆகும்?

"ஏனுங்க சார், β = λD/d மனப்பாடமாத் தெரியும். ஆனா பிளவு ரெண்டையும் தள்ளி வெச்சா பட்டை நெருங்குதுங்கிறது மட்டும் மனசுல ஒட்டல. பட்டையும் தள்ளித்தானே போகணும்?"

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது. மற்ற இரண்டும் நம் ஊகத்தோடு ஒத்துப்போகின்றன, இது மட்டும் எதிராக நிற்கிறது. அதனால் சூத்திரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு பொலிவுப் பட்டை திரையில் எங்கே விழும் என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். கடைசி வரை இதே எண்கள்தான் வரும். 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், அந்த அலைநீளம்தான் λ. இரண்டு பிளவுகளின் மையங்களுக்கு இடையே 0.25 மில்லிமீட்டர், அதுதான் d. பிளவிலிருந்து சுவர் 2 மீட்டர், அதுதான் D.

சுவரின் நட்டநடுவில் ஒரு புள்ளிக்கு இரண்டு பிளவுகளிலிருந்தும் ஒரே தூரம். இரண்டு அலைகளும் சேர்ந்தே வந்து சேரும், அங்கே பொலிவு. நடுவிலிருந்து பக்கவாட்டில் நகர நகர, ஒரு பிளவு கொஞ்சம் அருகிலும் மற்றது கொஞ்சம் தொலைவிலும் ஆகிவிடும். அந்தப் பாதை வேறுபாடு சரியாக ஓர் அலைநீளம் ஆகும் இடத்தில் அலைகள் மறுபடி சேர்ந்து விழும். அதுதான் முதல் பொலிவுப் பட்டை. ஆக, கேள்வி இதுதான்: ஓர் அலைநீளம் அளவுக்கு வேறுபாடு வர, சுவரில் எவ்வளவு தூரம் நகர வேண்டும்?

நடுவிலிருந்து x தூரம் நகர்ந்தால் பாதை வேறுபாடு ஏறத்தாழ d × x / D. நம் கணக்கில் 5.2 மில்லிமீட்டர் நகர்ந்து பாருங்கள்: 0.25 × 5.2 / 2000 = 0.00065 மில்லிமீட்டர், அதாவது 650 நானோமீட்டர். சரியாக ஓர் அலைநீளம். ஒரு பொலிவிலிருந்து அடுத்த பொலிவு வரை உள்ள தூரம்தான் பட்டை அகலம் β, எனவே அது 5.2 மில்லிமீட்டர்.

இப்போது பிளவுகளுக்கு இடையே 0.5 மில்லிமீட்டர் இருக்கும்படி தள்ளி வையுங்கள். அவை விலகி இருப்பதால், சுவரில் சிறிது நகர்ந்தாலே பாதை வேறுபாடு வேகமாக ஏறிவிடும். 2.6 மில்லிமீட்டர் நகர்ந்ததுமே 650 நானோமீட்டர் வந்துவிடுகிறது. அடுத்த பட்டை சீக்கிரமே வந்துவிட்டது, அவ்வளவுதான். பட்டைகள் பிளவுகளின் நிழல்கள் அல்ல. நிழலாக நினைத்தால்தான் "தள்ளி வெச்சா தள்ளிப் போகணும்" என்ற எண்ணம் வரும்.

"அப்போ λ-வும் D-யும் கூடினா மட்டும் ஏன் பட்டை விரியுது?"

அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் போதும். அலைநீளம் கூடினால் எட்ட வேண்டிய பாதை வேறுபாடு பெரிதாகிறது, அதனால் சுவரில் அதிகம் நகர வேண்டும். 650-க்குப் பதில் 532 நானோமீட்டர் பச்சை லேசர் வைத்தால் பட்டை அகலம் 4.26 மில்லிமீட்டர், 405 நானோமீட்டர் ஊதா லேசரில் 3.24.

திரைத் தூரத்தின் கதை வேறு. முதல் பொலிவுக்கான கோணம் λ/d-யால் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. சுவரைத் தள்ளி வைத்தால் அதே கோணம் அதிக அகலத்தில் விரிகிறது. 4 மீட்டரில் 10.4 மில்லிமீட்டர். கோணம் இம்மியும் மாறாது. "பட்டையின் கோண அகலம் என்ன ஆகும்?" என்று தேர்வில் கேட்டால், D-ஐ மாற்றியதற்கு விடை "மாறாது". கண்ணை மூடிக்கொண்டு "இரு மடங்கு" என்று எழுதிவிடாதீர்கள்.

"ரெண்டு படம் கொடுத்து, ரெண்டாவதுல எதை மாத்துனாங்கன்னு கேக்குறாங்க. பட்டை விரிஞ்சிருக்குது, அவ்வளவுதான் தெரியுது. λ, D, d மூணுல எதுன்னு எப்படிச் சொல்றது?"

நல்ல கேள்வி. இந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுதான். புத்தகத்தில் வரும் படத்தில் எல்லாப் பட்டைகளும் ஒரே பொலிவோடு வரிசையாக நிற்கும். நிஜச் சுவரில் அப்படி இருக்காது. நடுவில் பளிச்சென்று ஒரு கொத்துப் பட்டைகள், இருபுறமும் மங்கி ஓர் இருட்டு, அப்புறம் மங்கலாக இன்னொரு கொத்து. ஒவ்வொரு பிளவுக்கும் தனக்கென்று ஓர் அகலம் இருக்கிறது. அந்த அகலம் ஏற்படுத்தும் விளிம்பு விளைவு ஒரு போர்வை போல எல்லாப் பட்டைகளையும் மூடுகிறது. போர்வையின் நடுப்பகுதியின் அகலம் 2λD/a. இங்கே a என்பது ஒரு பிளவின் அகலம், இரண்டு பிளவுகளுக்கு இடையே உள்ள தூரம் இல்லை.

நம் பிளவு ஒவ்வொன்றும் 0.05 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். போர்வையின் நடுப்பகுதி 52 மில்லிமீட்டர் வரும், நடுவிலிருந்து இருபுறமும் 26, 26. பட்டைகள் 5.2 மில்லிமீட்டருக்கு ஒன்று. ஐந்தாவது பட்டை விழ வேண்டிய இடம் 5 × 5.2 = 26. அங்கே போர்வை பூஜ்ஜியம். ஐந்தாவது பட்டை காணாமல் போய்விடும்! எனவே நடுக் கொத்தில் தெரிவது நடுப்பட்டையும் பக்கத்துக்கு நான்கும், மொத்தம் 9.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். D-ஐ இரு மடங்காக்கினால் பட்டையும் இரு மடங்கு, போர்வையும் இரு மடங்கு. கொத்தில் அப்போதும் 9 பட்டைகளே. முழுப் படத்தையும் பெரிதாக்கியது போல இருக்கும். λ கூடினாலும் அப்படித்தான், நிறம் மட்டும் மாறும். ஆனால் d-ஐ 0.5 ஆக்கினால் போர்வை 52 மில்லிமீட்டரிலேயே நிற்கும், பட்டைகள் மட்டும் 2.6-க்கு நெருங்கும். இப்போது காணாமல் போவது பத்தாவது பட்டை, கொத்துக்குள் 19 பட்டைகள்.

ஆகவே படத்தில் முதலில் பட்டை அகலத்தைப் பார்க்காதீர்கள். நடுக் கொத்தில் எத்தனை பட்டைகள் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை மாறவில்லை, நிறமும் அதேதான் என்றால் D மாறியிருக்கிறது. நிறம் மாறியிருந்தால் λ. எண்ணிக்கை மாறிக் கொத்தின் அகலம் அப்படியே இருந்தால் d. பட்டை அகலம் அப்படியே இருந்து கொத்தின் அகலம் மட்டும் மாறினால், சூத்திரத்திலேயே இல்லாத பிளவு அகலத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

"வீட்டுல செஞ்சு பாக்க முடியுமா சார்? லேசர் லைட் கடையில வாங்கிட்டேன்."

முடியும். ஒரு கண்ணாடிச் சில்லில் கறுப்புப் பெயிண்டை மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். விளக்குக் கரியும் பிடிக்கலாம், ஆனால் கை பட்டால் போய்விடும். இரண்டு ஷேவிங் பிளேடுகளை ஒட்டிப் பிடித்து, ஸ்கேல் ஓரமாக ஒரே இழுப்பு. பிளேடின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்பதால் d-யும் அதை ஒட்டியே வரும். 2 மீட்டரில் பட்டை அகலம் 13 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அடுத்து இரண்டு பிளேடுகளுக்கும் நடுவில் ஒரு நோட்டுத் தாளைச் செருகி இன்னொரு கோடு கீறுங்கள். தாளும் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான், d இரட்டிக்கும், பட்டைகள் பாதியாக நெருங்கும். செலவில்லாமல் d-ஐ மாற்றிப் பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பிளேடை அழுத்திக் கீறினால் பிளவு அகலமாகி, இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்போது தெரிவது ஒற்றைப் பிளவின் விளிம்பு விளைவு மட்டும். இரட்டைப் பிளவுதான் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பிளேடின் ஓரத்தை மெதுவாக நகர்த்தி ஒரு பிளவை மட்டும் மூடுங்கள். பொடிப் பட்டைகள் மறைந்து, வெறும் போர்வை மட்டும் நிற்க வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் முதலிலிருந்தே ஒரு பிளவு வழியாகத்தான் ஒளி வந்துகொண்டிருந்தது.

ஆனி, ஆடியில் வாசல் திண்ணையில் வைத்துச் செய்ய வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சில்லையும் லேசரையும் ஆட்டிக்கொண்டே இருக்கும், ஸ்கேலை வைத்து அளக்கவே முடியாது. கதவைச் சாத்திய அறையும் வெள்ளைச் சுவரும் போதும். பட்டைகளைச் சுவரில் மட்டும் பாருங்கள். சில்லைக் கண்ணில் வைத்து லேசரைப் பார்ப்பது எக்காரணம் கொண்டும் கூடாது.

"அளந்து λ கண்டுபிடிச்சா சிவப்பு லேசருக்கு 565-னு வருது. லேசர் பழுதா?"

லேசரைச் சந்தேகிக்கும் முன் D-ஐப் பாருங்கள். 565 நானோமீட்டர் என்பது மஞ்சள் கலந்த பச்சை, சுவரில் தெரிவதோ சிவப்பு. எங்கோ ஒரு நீளம் தப்பு. உங்கள் எண்ணுக்கு நான் முதலில் கேட்பது: டேப்பை லேசரிலிருந்து பிடித்தீர்களா, பிளவிலிருந்து பிடித்தீர்களா? லேசர் பிளவுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருந்து, அதையும் சேர்த்து D = 2.3 மீட்டர் என்று எழுதினால், 5.2 × 0.25 / 2300 கணக்கு சரியாக 565-ஐத்தான் தரும். லேசரை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், பட்டை அகலம் மாறாது. D பிளவில்தான் தொடங்குகிறது.

இதைப் போலவே அடிக்கடி வருவது 578. நடுக் கொத்தின் ஒரு முனைப் பொலிவிலிருந்து மறுமுனைப் பொலிவு வரை அளந்தால் 41.6 மில்லிமீட்டர். அதில் பட்டைகள் 9, இடைவெளிகள் 8. எட்டால் வகுக்காமல் ஒன்பதால் வகுத்தவருக்கு 4.62 மில்லிமீட்டரும், அதிலிருந்து 578-ம் வரும். வேலிக்குக் கம்பம் எண்ணுகிறவர் செய்யும் அதே தவறு. விடை 325 என்று வந்தால் பொலிவிலிருந்து அடுத்த கருமை வரை மட்டும் அளந்திருக்கிறீர்கள், அது அரைப் பட்டை.

ஒரே ஓர் இடைவெளியை அளப்பதும் வேண்டாம். ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் பிசகினால் 5.2-ல் அது பத்தில் ஒரு பங்கு. 41.6-ல் அதே பிசகு நூற்றில் ஒன்றுக்குச் சற்றே மேல். இப்படி அளந்த பிறகும் விடை ஒத்துவராவிட்டால் கோளாறு பெரும்பாலும் d-யில்தான் இருக்கும். பிளேடு தடிமனை வைத்து ஊகித்த d-ஐ நம்பி λ-வைக் கணக்கிட முடியாது. பள்ளி ஆய்வகத்தில் நகரும் நுண்ணோக்கி இருந்தால் சில்லை எடுத்துப்போய் அளந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வழியைத் திருப்பிப் போடலாம். லேசரின் மேல் ஒட்டியிருக்கும் அலைநீளத்தைச் சரியென்று கொண்டு d-ஐக் கண்டுபிடியுங்கள்.

"நானோமீட்டர், மில்லிமீட்டர், மீட்டர்னு மூணு அலகு. அடுக்குக்குறியில எப்பவும் மாட்டிக்கிறேன்."

λ-வை நானோமீட்டரிலும், D-ஐ மீட்டரிலும், d-ஐ மில்லிமீட்டரிலும் அப்படியே போடுங்கள். விடை மைக்ரோமீட்டரில் வரும். 650 × 2 / 0.25 = 5200, அதாவது 5.2 மில்லிமீட்டர். எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் என்சிஇஆர்டி புத்தகம், பொள்ளாச்சியில் படிக்கும் உங்கள் மாமா பையனிடம் தமிழ்நாட்டுப் புத்தகம். இரண்டுக்கும் இது பொருந்தும்.

"ரெண்டு மாறினா? D-ஐ 10 சதவீதம் குறைச்சு, d-ஐ 10 சதவீதம் கூட்டினா β 20 சதவீதம் குறையுமா?"

இல்லை. 0.9 / 1.1 = 0.818, கிட்டத்தட்ட 18 சதவீதம் குறையும். சதவீதங்களைக் கூட்டிக் கழிப்பது ஒன்றிரண்டு சதவீத மாற்றங்களுக்கு மட்டும் ஏறத்தாழ சரிவரும்.

"முழுசாத் தண்ணிக்குள்ள வெச்சா 650 / 1.33 = 489 நானோமீட்டர்னு வருது. அது நீலமாச்சே, பட்டை நீலமாத் தெரியுமா?"

தெரியாது, சிவப்பாகவேதான் இருக்கும். தண்ணீருக்குள் நுழையும்போது ஒளியின் அதிர்வெண் மாறுவதில்லை. வேகம் குறைவதால் அலைகள் நெருங்கி, அலைநீளம் மட்டும் குறைகிறது. 650 சிவப்பு, 489 நீலம் என்று நிறத்துக்கு எழுதும் எண்கள் எல்லாம் வெற்றிடத்தில் உள்ள அலைநீளத்தைக் குறிப்பவை.

பட்டை அகலம் என்னவோ நிஜமாகவே குறையும்: 489 × 2 / 0.25, அதாவது 3.9 மில்லிமீட்டர். இதில் கவனிக்க வேண்டியது, பிளவுக்கும் திரைக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான். லேசருக்கும் பிளவுக்கும் இடையில் மட்டும் ஒரு கண்ணாடித் தொட்டித் தண்ணீரை வைத்து, ஒளி நேராகப் போனால், பட்டை அகலம் மாறாது. நீட் மாதிரி வினாக்களில் "அமைப்பு முழுவதும்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

"ஒரு பிளவுக்கு மேல மட்டும் மெல்லிய தகடு வெச்சா?"

பட்டை அகலம் மாறாது, வரிசை முழுவதும் தகடு இருக்கும் பக்கமாக நகரும். ஒளிவிலகல் எண் 1.5, தடிமன் 0.01 மில்லிமீட்டர் என்றால் கூடுதல் ஒளிப்பாதை 0.005 மில்லிமீட்டர். அது 650 நானோமீட்டரில் சுமார் 7.7 அலைநீளம், எனவே 7.7 பட்டை நகர்வு. λ, D, d மூன்றும் தொடப்படவில்லை என்பதால் β-வுக்கு இதில் வேலை இல்லை.

"தலைமுடியை லேசர்ல காட்டினாலும் பட்டை வருதே. அதுவும் இரட்டைப் பிளவுதானா?"

முடியின் இரண்டு பக்கமும் ஒளி போவதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் சுவரில் தெரிவது, நடுவில் நேராக வரும் கற்றையை விட்டுவிட்டால், அதே அகலமுள்ள ஒற்றைப் பிளவு தரும் அமைப்பு. கருமைகளுக்கு இடையே உள்ள தூரம் λD/w, இதில் w என்பது முடியின் தடிமன். 0.07 மில்லிமீட்டர் முடிக்கு 2 மீட்டரில் 18.6 மில்லிமீட்டர். அடையாளம் இதுதான்: ஒற்றைப் பிளவு அமைப்பில் நடுப்பட்டை மற்றவற்றைப் போல் இரு மடங்கு அகலம், இரட்டைப் பிளவில் நடுக் கொத்தின் எல்லாப் பட்டைகளும் சம அகலம்.

சொல்லப்போனால், தாமஸ் யங் 1803-ல் ராயல் சொசைட்டியில் விவரித்த ஆய்விலும் பிளவு இல்லை. சன்னலில் ஒரு சிறு துளை வழியாக வந்த சூரியக் கற்றையின் குறுக்கே, ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டை வைத்தார். அட்டையின் நிழலுக்குள் பட்டைகள் தெரிந்தன. ஒரு பக்க ஒளியை மறித்ததும் அவை மறைந்தன. பிளேடு ஓரத்தால் ஒரு பிளவை மூடும் நம் சோதனை அதே வழிதான்.

"போன் டார்ச் வெள்ளை ஒளியில் செஞ்சா β எவ்வளவு?"

ஒரே ஓர் எண் இல்லை. 650-க்கு 5.2 மில்லிமீட்டர், 450 நீலத்துக்கு 3.6. நடுவில் எல்லா நிறமும் ஒன்றாக விழுவதால் வெள்ளை. முதல் பட்டையில் நீலம் உட்பக்கமும் சிவப்பு வெளிப்பக்கமும் பிரிந்து நிற்கும். சில பட்டைகளுக்கு மேல் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெறும் வெளுப்பாகிவிடும். டார்ச்சை நேராகக் காட்டினால் இதுகூடத் தெரியாது. அதன் முன்னால் இன்னொரு குறுகிய பிளவை வைத்து ஒளிமூலத்தைச் சிறிதாக்க வேண்டும்.

"d-ஐக் குறைச்சுக்கிட்டே போனா பட்டை எவ்வளவு வேணாலும் பெருசாகுமா?"

சூத்திரம் ஆகும் என்றுதான் சொல்லும், ஆனால் அதற்குள் சூத்திரமே கைவிட்டுவிடும். β = λD/d என்பது சிறு கோணங்களுக்கான தோராயம். அசல் நிபந்தனை d sin θ = mλ, இதில் θ பட்டை விழும் கோணம், m அந்தப் பட்டையின் வரிசை எண். நம் 0.25 மில்லிமீட்டரில் கோணம் ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்குதான், தோராயத்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

d-ஐ 2 மைக்ரோமீட்டர் ஆக்கிப் பாருங்கள். சூத்திரப்படி பட்டைகள் 65 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சீராக விழ வேண்டும். அசல் கணக்கில் முதல் பொலிவுக்கு sin θ = 0.325, கோணம் 19 பாகை, 2 மீட்டர் சுவரில் அது 69 சென்டிமீட்டர். இரண்டாவதற்கு sin θ = 0.65, அது 171 சென்டிமீட்டரில் விழும். முதல் இடைவெளி 69, அடுத்தது 102, "பட்டை அகலம்" என்று ஒற்றை எண் சொல்லவே வழியில்லை. மூன்றாவதற்கு sin θ = 0.975, கோணம் 77 பாகை. அந்தப் பட்டை விழ நடுவிலிருந்து எட்டு மீட்டருக்கு மேல் சுவர் நீள வேண்டும். நான்காவதற்கு sin θ ஒன்றைத் தாண்டிவிடுவதால் அப்படி ஒரு பட்டையே கிடையாது.